முந்திரிக்கொட்டை உடைக்கும் மெஷினுக்கு பேடன்ட் தேடுவது எப்படி: குறியீடும் சொற்கூட்டமும்

“கூகுள்ல தேடிட்டேன் சார், இந்த மாதிரி மெஷின் எங்கயும் இல்லை” என்று சொல்லிக்கொண்டு பேடன்ட் போடக் கிளம்புகிறவர்கள் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை, தேடியிருப்பார்கள். ஆனால் தங்கள் மெஷினுக்குத் தாங்கள் வைத்த பெயரைத் தேடியிருப்பார்கள். அதே மெஷினை சீனாவில் ஒருவர் வேறு பெயரிலும், பிரேசிலில் ஒருவர் வேறு மொழியிலும், அமெரிக்காவில் ஒரு வக்கீல் வேண்டுமென்றே மங்கலான வார்த்தைகளிலும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த மூன்றையும் பிடிக்கத்தான் இரண்டு வலை வேண்டியிருக்கிறது: ஒன்று வகைப்பாட்டுக் குறியீடு, இன்னொன்று ஒரே பொருளைச் சுற்றி நிற்கும் சொற்கூட்டம்.

இந்த வலைகளில் பிடிக்க வேண்டியதற்கு பிரையர் ஆர்ட் என்று பெயர். அதாவது, நீங்கள் விண்ணப்பம் போடும் தேதிக்கு முன் வெளியுலகுக்குத் தெரிந்துவிட்ட எதுவும். பேடன்ட் ஆவணம் மட்டும் இல்லை. ஆய்விதழ், பல்கலைக்கழக ஆய்வேடு, வேளாண் கண்காட்சியில் வைத்த மெஷின், யாரோ ஏற்றிய வீடியோ எல்லாம் சேரும். காலாவதியான பேடன்ட், பாதியில் கைவிட்ட விண்ணப்பம் இரண்டும் கூடச் சேரும். “அது எக்ஸ்பயர் ஆயிடுச்சே” என்பது அதைக் காப்பியடிப்பவருக்கு உதவும் பதில். புதிதாக பேடன்ட் கேட்பவருக்கு உதவாது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் தலையில் ஏறாது. நம்ம ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். பண்ருட்டியில் ஒரு பட்டறைக்காரர் முந்திரிக்கொட்டை உடைக்கும் மெஷின் ஒன்று செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டையை ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு கட்டரில் போடுவது வழக்கமான முறை. இதில் தலைவலி என்னவென்றால் எல்லாக் கொட்டையும் ஒரே தடிமனில் இருக்காது. பிளேடு இடைவெளியை ஒரே அளவில் வைத்தால் பெரிய கொட்டையில் பருப்பு வெட்டுப்படும், சிறிய கொட்டையில் ஓடே முழுசாக வெட்டுப்படாது. முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நம்ம ஆள் என்ன செய்கிறார் என்றால், கொட்டை பள்ளத்தில் விழுந்ததும் ஒரு தொடுமுனை அதன் தடிமனை அளக்கிறது, அந்த அளவுக்கேற்ப இரண்டு பிளேடும் நெருங்கியோ விலகியோ நிற்கின்றன, ஓடு மட்டும் வெட்டுப்பட்டதும் ஒரு முறுக்கு கொடுத்துத் திறக்கிறது.

முதலில் துண்டு போடுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் மெஷினை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதைத் துண்டுகளாகப் பிரியுங்கள். நம்ம மெஷினுக்கு ஐந்து துண்டு வரும்: முந்திரி, ஓட்டை உடைப்பது அல்லது வெட்டுவது, ஒவ்வொரு கொட்டையின் தடிமனையும் தனித்தனியாக அளப்பது, அளவுக்கேற்ப பிளேடு இடைவெளி தானாக மாறுவது, கடைசியில் முறுக்கித் திறப்பது.

இதில் எது புதுசு என்று நீங்கள் நம்புகிறீர்களோ அதற்கு அடிக்கோடு போடுங்கள். முதல் இரண்டு துண்டும் உலகத்துக்கே தெரிந்த விஷயம். மூன்றும் நான்கும் சேர்ந்து வருவதுதான் இங்கே உயிர். முறுக்கித் திறப்பது சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் கையால் உடைக்கும் கட்டரிலேயே வெட்டிய பிறகு ஓட்டை நெம்பித் திறக்கும் வேலை இருக்கிறது. தேடலில் நேரம் முழுக்க மூன்றிலும் நான்கிலும்தான் போகவேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் துண்டிலேயே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். `cashew` என்று அடித்தால் ஆவணம் நிறைய வரும், படிக்கவும் சுவாரசியமாக இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

சொற்கூட்டம் கட்டுவது

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொற்கூட்டம் வேண்டும். ஒரே கூட்டத்துக்குள் இருக்கும் சொற்களை OR போட்டு இணைப்போம், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் AND போடுவோம். விதி அவ்வளவுதான். கூட்டத்தை நிரப்புவதில்தான் வேலை இருக்கிறது.

முந்திரிக்கு இப்படி ஆரம்பிக்கலாம்:

```
cashew* OR anacardium OR caju OR cajou OR anacarde OR 腰果
```

இரண்டாவது சொல் தாவரவியல் பெயரிலிருந்து வருவது. `caju` போர்த்துக்கீசியம், பிரேசில்காரர்கள் எழுதுவது. `cajou`, `anacarde` இரண்டும் பிரெஞ்சு. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் நாடுகளில் முந்திரி பெரும் பயிர் என்பதால் பிரெஞ்சை விட்டுவிடக் கூடாது. இந்த விஷயத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சு படித்த ஒரு பெரியவர் தெருவுக்கு ஒருவராவது கிடைப்பார், இயந்திர மொழிபெயர்ப்பு குழப்பும் இடத்தில் அவரிடம் ஒரு பத்தியைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியில் இருப்பது சீன எழுத்து. அடிக்கத் தெரியவேண்டியதில்லை, ஒட்டினால் போதும். மூல மொழி உரையைத் தேடவிடும் தளங்களில் அது வேலை செய்யும்.

உடைப்பதற்கான கூட்டம்தான் ரொம்பப் பெரியது:

```
shelling OR sheller* OR deshell* OR decorticat* OR hulling
OR husking OR dehusk* OR crack* OR "shell breaking"
```

இங்கே `shell*` என்று நான் போடவில்லை, கவனியுங்கள். நட்சத்திரக் குறி என்பது “இதற்குப் பிறகு என்ன எழுத்து வந்தாலும் சரி” என்று பொருள். `shell*` போட்டால் நத்தை, நண்டு, இறால், அரக்கு எல்லாம் வந்து குவியும். `hull` என்று தனியாகப் போட்டால் கப்பலின் அடிப்பாகம் வரும். கடலூர் துறைமுகத்துக்குத் தேவைப்படலாம், நமக்கு வேண்டாம். இதைவிட மோசமான ஒன்று `nut`. ஆங்கிலத்தில் கொட்டையும் அதே சொல், போல்ட்டில் மாட்டும் மரையும் அதே சொல். மெஷின் பேடன்ட்களில் மரை இல்லாத மெஷின் ஏது? அதனால் `nut` என்பதைக் குறியீடு இல்லாமல் தனியாக ஓடவிடவே கூடாது. குறியீட்டோடு சேர்த்தால் சாதுவாகிவிடும், அது எப்படி என்று கீழே வருகிறது.

அந்த கடைசிச் சொல் `"shell breaking"` எதற்கு என்றால், சீன ஆவணங்கள் இயந்திர மொழிபெயர்ப்பில் இப்படித்தான் வரும். ஒரே சீனச் சொல் ஓர் ஆவணத்தில் இப்படியும் இன்னொன்றில் `husking` என்றும் மூன்றாவதில் `hulling` என்றும் மாறி நிற்கும். ஆங்கிலத்தில் அழகாக யோசித்து எழுதிய சொல் பட்டியல் இவற்றைத் தவறவிடும். நல்ல வழி என்னவென்றால், பொருத்தமான சீன ஆவணம் ஒன்று கிடைத்ததும் அதன் சுருக்கத்தில் இருக்கும் விநோதமான சொற்களை அப்படியே பொறுக்கி உங்கள் கூட்டத்தில் சேர்ப்பது.

மூன்றாவது நான்காவது துண்டுகளுக்கு:

```
thickness OR size OR dimension* OR diameter
```

```
gap OR clearance OR spacing OR distance
```

இவை வெறும் பொதுச் சொற்கள்தான். தனியாக விட்டால் உலகத்து மெஷின் எல்லாம் வரும். இவற்றோடு `adjust*`, `automatic*`, `sens*`, `detect*`, `measur*` போன்ற செயல் சொற்களையும் சேர்த்து, குறியீட்டுக்குள் அடைத்து ஓட்டவேண்டும்.

இன்னொரு கூட்டத்தைப் பலர் மறந்துவிடுவார்கள்: பலனைச் சொல்லும் சொற்கள். `"whole kernel"`, `unbroken`, `breakage`, `"kernel damage"`. கண்டுபிடித்தவர் மெஷினின் உறுப்புகளை எந்தப் பெயரில் எழுதினாலும், “பருப்பு உடையாமல் வரும்” என்று எங்கேயாவது சொல்லாமல் இருக்கமாட்டார். உறுப்புகளின் பெயர் கைகொடுக்காத இடத்தில் இந்தக் கூட்டம் கைகொடுக்கும்.

குறியீட்டை ஊகிக்காதீர்கள், ஆவணத்திடமே கேளுங்கள்

உலகத்தில் வெளியாகும் ஒவ்வொரு பேடன்ட் ஆவணத்துக்கும் அதன் பொருளைக் காட்டும் குறியீடு ஒன்றோ பலவோ போடப்படும். இதில் இரண்டு முறையைத் தெரிந்துகொண்டால் போதும். ஐபிசி என்பது சர்வதேச முறை, இந்திய அலுவலகமும் அதைத்தான் போடுகிறது. சிபிசி என்பது ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து 2013 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஐபிசியை அடித்தளமாக வைத்து இன்னும் பொடிப்பொடியாகப் பிரித்தது. ஐபிசியில் சுமார் 70,000 பிரிவுகள் என்றால் சிபிசியில் சுமார் இரண்டரை லட்சம். வெளிநாட்டு ஆவணம் தேட சிபிசி, இந்திய ஆவணம் தேட ஐபிசி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டரை லட்சத்தில் நம்முடையது எது என்று அட்டவணையை மேலிருந்து படித்துக் கண்டுபிடிக்கப் போனால் கண் போய்விடும். குறுக்கு வழி இருக்கிறது. ஐரோப்பிய அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட்டிலோ, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தளமான பேடன்ட்ஸ்கோப்பிலோ, இரண்டும் இலவசம், தலைப்பில் மட்டும் முந்திரிக் கூட்டத்தையும் உடைக்கும் கூட்டத்தையும் AND போட்டுத் தேடுங்கள். இது வேண்டுமென்றே செய்யும் அரைகுறைத் தேடல். வரும் ஆவணங்களில் படத்தைப் பார்த்தாலே “ஆமாம், இது நம்ம சங்கதிதான்” என்று தோன்றும் பத்துப் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் போட்டிருக்கும் குறியீடுகளைத் தாளில் எழுதி, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

நம்ம மெஷினுக்கு இப்படிச் செய்தால் முதலில் நிற்பது `A23N 5/00`. அதைப் பிரித்துப் படிக்கவேண்டும். A என்பது மனிதத் தேவைகள் என்ற பெரும்பகுதி, A23 உணவு, A23N அறுவடையான காய்கனிகளை மொத்தமாகக் கையாளும் மெஷின்கள், 5/00 கொட்டைகளின் ஓடு, உமி நீக்கும், உடைக்கும் மெஷின்கள். அதற்குக் கீழே 5/01 வேர்க்கடலைக்கு, 5/03 தேங்காய்க்கு, 5/08 கொட்டையின் மேல் இருக்கும் சதைப்பற்றான அல்லது நாரான தோலை நீக்குவதற்கு. முந்திரி உடைப்பது பெரும்பாலும் 5/00 என்ற தாய்க் குழுவிலேயே தங்கிவிடும். அதனால்தான் அங்கே சொற்களின் உதவி தேவைப்படுகிறது.

குறியீட்டின் பெயரை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். சிபிசியில் பல பிரிவுகளுக்கு விளக்கக் குறிப்பு இருக்கும், “இது இங்கே வராது, அங்கே போய்ப் பாருங்கள்” என்று பக்கத்து வீட்டு முகவரி கொடுத்திருப்பார்கள். நமக்குப் பக்கத்து வீடுகள் இரண்டு. தானியத்தின் மேலுறை நீக்குவதற்கு `B02B 3/00`. பயறு, விதை ஆகியவற்றின் தோல் நீக்கும் மெஷின்கள் அங்கே இருக்கும், முந்திரி மெஷினும் சில சமயம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். சமையலறையில் வைத்து உடைக்கும் கைக்கருவிக்கு `A47J 43/26`. கைக்கருவிதானே என்று விடவேண்டாம், முறுக்கித் திறக்கும் நம்ம ஐந்தாவது துண்டு அங்கேதான் பழைய ஆவணம் ஒன்றில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது

இதுவரை செய்தது எல்லாம் ஆயத்தம். இனிமேல்தான் தேடல், அதில் ஒரே ஒரு கொள்கை: குறியீட்டை இறுக்கினால் சொல்லைத் தளர்த்து, சொல்லை இறுக்கினால் குறியீட்டைத் தளர்த்து. இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் நாலு ஆவணம் வரும், “வேறெதுவும் இல்லை” என்ற பொய்யான நிம்மதியும் கூடவே வரும்.

முதல் ஓட்டம், `A23N 5/00` என்ற குறியீடும் அதன் கீழ் உள்ளவையும், கூடவே முந்திரிக் கூட்டம் மட்டும். உடைப்பது என்ற சொற்கள் தேவையே இல்லை, குறியீடே அதைச் சொல்லிவிட்டது. வருவதை எல்லாம் படம் பார்த்துத் தள்ளிவிடலாம். பேடன்ட்ஸ்கோப்பில் எழுதினால் இப்படி இருக்கும்:

```
IC:"A23N 5/00" AND EN_AB:(cashew OR anacardium)
```

`IC` என்பது ஐபிசி குறியீடு, `EN_AB` என்பது ஆங்கிலச் சுருக்கம். இந்த எழுத்துகள் தளத்துக்குத் தளம் மாறும், நட்சத்திரக் குறி நடந்துகொள்ளும் விதமும் மாறும். ஒரு தளத்தில் ஓடிய வரியை இன்னொன்றில் அப்படியே ஒட்டிவிட்டு “ஒன்றுமே வரவில்லை” என்று உட்காராதீர்கள்.

இரண்டாவது ஓட்டம்தான் முக்கியம். அதே குறியீடு, ஆனால் முந்திரியைத் தூக்கிவிடுங்கள். அதற்குப் பதில் அளப்பது, இடைவெளி மாறுவது என்ற இரண்டு கூட்டங்களைப் போடுங்கள்:

```
IC:"A23N 5/00" AND EN_AB:((thickness OR size OR diameter)
AND (gap OR clearance OR spacing OR distance) AND adjust*)
```

இப்போது வால்நட், மக்காடமியா, பிஸ்தா, பாதாம் என்று நம்ம ஊரில் விளையாத கொட்டைகளுக்கான மெஷின்கள் வரிசையாக வரும். அவற்றைப் பார்த்ததும் “இது முந்திரி இல்லையே, நமக்கு எதுக்கு” என்று மூடுவதுதான் புதியவர்கள் செய்வது. பேடன்ட் அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் பரிசோதகர் அப்படி மூடமாட்டார். வால்நட்டின் அளவை அளந்து அதற்கேற்ப உருளைகளின் இடைவெளியை மாற்றும் மெஷின் ஒன்று வெளியாகியிருந்தால், முந்திரி உடைக்கும் வழக்கமான மெஷின் ஒன்றையும் அதையும் சேர்த்து வைத்து, “இந்தத் துறையில் பழக்கமுள்ள ஒருவருக்கு இரண்டையும் இணைப்பது தோன்றியிருக்கும்” என்று சொல்லிவிடுவார். புதுமை தப்பும், கண்டுபிடிப்புப் படி என்ற அடுத்த தடையில் விழும். வெளிநாட்டுத் தேடல் அறிக்கைகளில் இதற்கு எழுத்தே இருக்கிறது: உங்கள் கோரிக்கையை, அதாவது உங்களுக்கென்று நீங்கள் கேட்கும் உரிமையை, தனியாகவே வீழ்த்தும் ஆவணத்துக்கு X, இன்னொன்றோடு சேர்ந்தால் வீழ்த்துவதற்கு Y, வெறும் பின்னணிக்கு A. சொந்தமாகத் தேடுகிறவர்கள் X-ஐ மட்டும் தேடுவார்கள். நம்ம மெஷினைப் போன்ற மேம்பாடுகள் விழுவது பெரும்பாலும் Y-யில்.

இந்த ஓட்டத்தில் `nut` என்ற சொல்லைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். குறியீடு கொட்டை மெஷின்களுக்குள்ளேயே அடைத்துவிட்டதால் மரை வந்தாலும் கொட்டை மெஷினில் இருக்கும் மரையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது ஓட்டம் நேர் எதிர். குறியீடே வேண்டாம், முழு உரையில் முந்திரி இருக்கவேண்டும், பிளேடும் இடைவெளியும் அருகருகே வரவேண்டும். குறியீடு போடுவதும் மனிதர்கள்தான், சில ஆவணம் தப்பான வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும். வெட்டுவதற்கான `B26D`-யில் ஒன்று, தரம் பிரிப்பதற்கான `B07C`-யில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். பேடன்ட்ஸ்கோப்பில் `NEAR` என்று போட்டால் இரண்டு சொல்லும் பக்கத்தில் வரும் ஆவணம் மட்டும் கிடைக்கும்:

```
EN_ALLTXT:(cashew AND (blade NEAR5 gap))
```

`gap` இருக்கும் இடத்தில் `clearance`, `distance` என்று மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழி இல்லை.

நான்காவது ஓட்டம், மெஷினின் மூளையை மட்டும் தேடுவது. கொட்டையையே மறந்துவிடுங்கள். ஒரு பொருளை அளந்து, அதற்கேற்ப வெட்டுக் கருவியை நகர்த்துவது வேறெங்கே நடக்கும்? வெட்டும் மெஷின்களின் இயக்கக் கட்டுப்பாட்டுக்கு `B26D 5/00`, அளவு வாரியாகப் பிரிப்பதற்கு `B07C 5/04`. இங்கே கடல் மாதிரி ஆவணம் வரும், எல்லாம் படிக்க முடியாது. உணவுப் பொருள், பழம், விதை என்ற சொற்களால் சுருக்கி, முதல் பக்கங்களைப் பார்த்து, நம்ம துண்டு மூன்றும் நான்கும் சேர்ந்து வருவதாகத் தோன்றுவதை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வலையில் ஓட்டை இருக்கிறதா?

தேடல் வரி சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு, இதைச் செய்யாதவர்களே அதிகம். முதலில் எடுத்துவைத்த பத்துப் பன்னிரண்டில் நம்ம மெஷினுக்கு மிக நெருக்கமான மூன்றைத் தனியாக வையுங்கள். ஒவ்வொரு புது வரியை ஓட்டும்போதும், வரவேண்டிய ஆவணம் அதில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ஆவணத்தைத் திறந்து ஏன் தப்பியது என்று தேடுங்கள். அங்கே `gap` என்பதற்குப் பதில் `interval` என்று இருக்கும், அல்லது சுருக்கத்தில் சொல்லாமல் விவரணையில் மட்டும் சொல்லியிருப்பார்கள், அல்லது உங்கள் அடைப்புக்குறி ஒன்று தப்பாக மூடியிருக்கும். எதுவாக இருந்தாலும் அதே காரணத்தால் உங்களுக்குத் தெரியாத இன்னும் சில ஆவணங்களும் தப்பியிருக்கும். திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

எதுவுமே வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், AND அதிகமாகிவிட்டது என்றுதான் பொருள். கொட்டை உடைக்கும் மெஷினுக்குப் பூஜ்யம் வருவதற்கு உலகம் அவ்வளவு சோம்பேறி இல்லை.

கிடைத்ததை எப்படிப் படிப்பது

கோரிக்கைப் பகுதியை மட்டும் படித்து “இவன் கேட்டது வேற, நாம கேக்கறது வேற” என்று தள்ளிவிடுவது பெரிய தப்பு. கோரிக்கை என்பது அவர் வேலி போட்டுக்கொண்ட இடம். பிரையர் ஆர்ட்டுக்கு வேலி கணக்கில்லை. விவரணை, படம், போகிற போக்கில் சொன்ன ஒரு வரி எல்லாமே வெளியானதுதான். “வேறொரு வடிவத்தில் கொட்டையின் அளவை உணரி மூலம் அறிந்து பிளேடை நகர்த்தலாம்” என்று கடைசிப் பத்தியில் ஒரே வாக்கியம் இருந்தாலும் அது நம்ம மூன்றாவது நான்காவது துண்டைத் தொடுகிறது.

ஒரு விரிதாளில் மேலே ஐந்து துண்டுகள், பக்கத்தில் ஆவண எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் துண்டு எந்தப் பத்தியில், எந்தப் படத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். வெறும் டிக் போட்டால் பிறகு உங்களுக்கே நினைவிருக்காது. ஐந்து கட்டமும் ஒரே ஆவணத்தில் நிரம்பினால் அந்த வடிவத்தில் விண்ணப்பம் போடுவது வீண். இரண்டு ஆவணத்தைச் சேர்த்தால் நிரம்புகிறது என்றால் வக்கீலிடமோ பேடன்ட் ஏஜென்டிடமோ பேசவேண்டிய இடம் அது. மூன்றும் நான்கும் எதிலும் நிரம்பவில்லை என்றால் உங்கள் கோரிக்கையை எங்கே மையப்படுத்துவது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

எண்ணும்போது குடும்பத்தைக் கவனியுங்கள். ஒரே கண்டுபிடிப்பு சீனாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, சர்வதேச விண்ணப்பமாக ஒன்று என்று மூன்று எண்ணில் வந்திருக்கும். ஒன்றைப் படித்தால் போதும், ஆங்கிலத்தில் இருப்பதைப் படியுங்கள். ஆனால் தேதிக்கு, குடும்பத்தில் முதலில் வெளியானது எது என்று பார்க்கவேண்டும்.

நெருக்கமான ஆவணம் கிடைத்ததும் அது மேற்கோள் காட்டும் பழைய ஆவணங்களையும், பிற்பாடு அதை மேற்கோள் காட்டிய புதியவற்றையும் திறந்துவிடுங்கள். எஸ்பாஸ்நெட்டிலும் கூகுள் பேடன்ட்ஸிலும் இரண்டு பட்டியலும் ஒரு சொடுக்கில் இருக்கும். எந்தச் சொல்லுக்கும் எந்தக் குறியீட்டுக்கும் மாட்டாதது இந்த வழியில் மாட்டும், ஏனென்றால் அந்த இணைப்பைப் போட்டது பெரும்பாலும் இதே வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த ஒரு பரிசோதகர்.

இந்தியத் தேடலும் ஊருக்குள் தேடலும்

இந்திய ஆவணங்களுக்கு இந்திய பேடன்ட் அலுவலகத்தின் InPASS தளம், இலவசம். வெளியான விண்ணப்பம், வழங்கப்பட்ட பேடன்ட் இரண்டையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இங்கே என் அனுபவம், சொல்லைத் தளர்த்துவதே நல்லது. தலைப்பில் `cashew`, அப்புறம் சுருக்கத்தில் `cashew`, அப்புறம் ஐபிசி கட்டத்தில் குறியீடு மட்டும் என்று தனித்தனியாக ஓட்டுங்கள். இந்திய முந்திரி விண்ணப்பங்கள் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய அளவுதான், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நம்ம ஊர் ஆட்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது `cashew nut cutting machine` என்று எழுதுவது சகஜம், அதனால் இங்கே உடைக்கும் கூட்டத்தில் `cutting`, `cutter` இரண்டையும் கட்டாயம் சேருங்கள்.

பேடன்ட் அல்லாத இடங்களும் உண்டு. விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரியில் வேலை செய்கிறது, கர்நாடகத்தில் புத்தூரில் மத்திய அரசின் முந்திரி ஆராய்ச்சி இயக்குநரகம் இருக்கிறது. இவற்றின் ஆண்டறிக்கைகள், வேளாண் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வேடுகள், ஆய்விதழ்கள் எல்லாம் பிரையர் ஆர்ட்தான். கூகுள் ஸ்காலரில் அதே சொற்கூட்டங்களை ஓட்டுங்கள், குறியீடு அங்கே கிடையாது என்பதால் பலனைச் சொல்லும் சொற்கள் அங்கே நன்றாக வேலை செய்யும். ஆய்வாளர்கள் முழுப்பருப்பு சதவீதத்தை எழுதாமல் கட்டுரை முடிப்பதில்லை.

கூடவே உங்கள் மெஷினை நீங்களே வெளியே விட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள். வாட்ஸப் குழுவில் சுற்றிய வீடியோ, யூடியூபில் போட்டது, பத்து பட்டறைக்கு விற்றது எல்லாம் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால் உங்களுக்கே எதிராக நிற்கும். இந்தியச் சட்டத்தில் இதற்கான விலக்குகள் குறுகலானவை, எல்லோருக்கும் உதவாது.

எங்கே நிறுத்துவது

புது வரி ஓட்டும்போதும் ஏற்கெனவே பார்த்த குடும்பங்களே திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் துண்டுக்குப் போதும். ஒவ்வொரு வரியையும் தளத்தின் பெயர், தேதி, வந்த எண்ணிக்கை, எடுத்துவைத்த ஆவணங்கள் என்று ஒரு பதிவில் எழுதிக்கொண்டே வாருங்கள். இந்தப் பதிவு இல்லாமல் தேடுகிறவர்கள் அடுத்த வாரம் அதே வரியை மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு தேடினாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். போன வருஷம் யாராவது இதே மெஷினுக்கு விண்ணப்பித்திருந்தால் இன்று எந்தத் தளத்திலும் அது தெரியாமல் இருக்கலாம். தற்காலிக விவரணையோடு விண்ணப்பித்தால் முழு விவரணை கொடுக்க 12 மாதம் இருக்கிறது. அந்தப் பதிவை எடுத்து, முழு விவரணை எழுத உட்காரும் வாரத்தில் அதே வரிகளை வெளியீட்டுத் தேதியை மட்டும் போன தேடலுக்குப் பிறகு என்று வைத்து இன்னொரு தரம் ஓட்டிவிடுங்கள். புதிதாக வெளியானது மட்டும் வரும், அரை நாள் வேலைதான்.